மில்லில் சரிசெய்ய முடியாதது

மிளகாய்த்தூள் யூனிட் தொடங்க வங்கிக்குப் போகும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால், இயந்திரங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். பல்வரைசர் எத்தனை குதிரைத்திறன், சல்லடை எந்த அளவு, பாக்கெட் போடும் மெஷின் நிமிடத்துக்கு எத்தனை பாக்கெட் போடும் என்று கொட்டேஷனோடு விவரம் இருக்கும். உற்பத்தி நடைமுறை என்ற தலைப்பின் கீழே கடைசியாக இரண்டு வரிகள் வரும். 'தரமான மூலப்பொருள் உள்ளூர் சந்தையில் கொள்முதல் செய்யப்படும். தரக்கட்டுப்பாடு முறையாகக் கடைப்பிடிக்கப்படும்.' அவ்வளவுதான். அரிசி மாவு, ஊறுகாய், கடலை மிட்டாய் என எந்தத் தொழிலுக்கும் இதே இரண்டு வரிகளைத் தூக்கிப் போடலாம் என்பதே, இதில் விஷயம் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி.

குறு உணவு நிறுவனங்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020இல் வந்த பிறகு இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் ஊருக்கு ஊர் எழுதப்படுகின்றன. ஆகவே அந்த இரண்டு வரிகளுக்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்பதை, நாளைக்கு 250 கிலோ வற்றல் அரைக்கும் ஒரு சின்ன யூனிட்டை வைத்துப் பார்ப்போம்.

முதல் வேலை மிக எளிது. யூனிட்டில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நேராக, அது எதை நீக்கும் என்று எழுதிக்கொண்டே வரவேண்டும். காற்றடிப்பான் தூசியையும் சருகையும் தள்ளும். சல்லடை கல்லைப் பிரிக்கும். காந்தம் ஆணி, கம்பித் துண்டு, பல்வரைசரின் சுத்தியல்கள் தேய்ந்து உதிர்க்கும் இரும்புத் துகள் ஆகியவற்றைப் பிடிக்கும். வசதி இருந்து நீராவியில் கிருமி நீக்கம் செய்தால், களத்தில் பறவை எச்சத்தோடு வந்த சால்மொனெல்லாவையும் ஒழிக்கலாம். தூளில் 25 கிராமுக்குள் ஒரு சால்மொனெல்லாகூட இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

இனி மிச்சம் இருப்பதைப் பாருங்கள். பூஞ்சை விட்டுச்செல்லும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, நிறத்துக்காக யாரோ பூசிய சாயம், வயலில் அடித்த பூச்சிமருந்தின் எச்சம். இந்த மூன்றையும் எந்தச் சல்லடையும் பிடிக்காது. எந்தக் காந்தமும் இழுக்காது. அஃப்லாடாக்சின் சூட்டையும் தாங்கும். வற்றலை வறுத்தாலும் அதன் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிந்த பூஞ்சையும் மறைந்துபோய், கெட்டது நல்லதோடு ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் மிளகாய்த்தூளின் தரம் மில்லுக்குள் உருவாவதில்லை. வற்றல் மூட்டை லாரியிலிருந்து இறங்கும் இடத்தில், சொல்லப்போனால் அதற்கும் முன்னால் யாரிடம் வாங்குகிறோம் என்று முடிவெடுக்கும் இடத்தில், அது தீர்மானமாகிவிடுகிறது. உற்பத்தி நடைமுறைப் பகுதியை இங்கிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.

நடைமுறையில் எல்லாம் ஈரத்தில் ஆரம்பிக்கிறது. வற்றலிலும் தூளிலும் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்புத் தர விதி. நன்றாகக் காய்ந்த வற்றலைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். வளைத்தால் சட்டென்று உடையும். ஆனால் உடைகிற வற்றல் வியாபாரிக்கு நஷ்டம். சாக்கில் அமுக்கும்போது நொறுங்கும், எடையும் குறைவு. அதனால் மூட்டை கட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உண்டு. தெளித்த வற்றல் வளையும், பளபளக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பூஞ்சைக்கு வேண்டியதும் அந்த ஈரம்தான்.

இதில் பணமும் போகிறது. 2 டன் வற்றல் 15 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தைக் கழித்தால் உண்மையான வற்றல் 1,700 கிலோ. அதை மீண்டும் காயவைத்து 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 1,889 கிலோ நிற்கும். 111 கிலோ தண்ணீரை வற்றல் விலைக்கு வாங்கியிருக்கிறோம். கிலோ 200 ரூபாய் என்றால் ஒரே லோடில் 22,000 ரூபாய்க்கு மேல். இதைக் கண்டுபிடிக்கும் கருவியின் செலவு தண்டம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்.

கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. நெல்லுக்கும் சோளத்துக்கும் பயன்படும் ஈரமானியில் முழு வற்றலைப் போட்டால் சரியான அளவு வராது. வற்றல் உள்ளே வெற்றிடம் கொண்டது. தோல் ஓர் ஈரத்திலும் விதை வேறோர் ஈரத்திலும் இருக்கும். சிறிது வற்றலைக் காம்பு நீக்கி, உடனே அரைத்து, சூடேற்றி எடை பார்க்கும் சின்ன ஈரமானியில் வைப்பதே யூனிட்டில் செய்யக்கூடிய வழி. மிளகாயில் உள்ள ஆவியாகும் பொருள்களும் கொஞ்சம் சேர்ந்து போவதால் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதை அவ்வப்போது ஆய்வக அளவோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

வியாபாரியிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, சரக்கு குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருகிறதா என்பது. குண்டூர் வற்றல் மாதக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு வருவது சகஜம். குளிர்ந்த வற்றலைப் புழுக்கமான பகலில் சட்டென்று பிரித்தால் அதன்மேல் நீர் கோத்துவிடும். கிடங்கை விட்டுக் கிளம்பும்போது 10 சதவீதமாக இருந்தது, நம் கையால் பிரித்த பிறகு நனைந்துபோகும். அப்படி வரும் மூட்டைகளைக் கட்டுப் பிரிக்காமல், வெளிச்சூட்டுக்கு வரும்வரை நிழலில் அடுக்கி வைத்திருந்து பிறகுதான் திறக்க வேண்டும்.

இப்போது வாசலில் ஒரு லாரி வந்து நிற்கிறது. மூட்டைக்கு 40 கிலோ வீதம் 50 மூட்டை, மொத்தம் 2 டன். அரிசி மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பதுபோல் வற்றலில் எடுக்க முடியாது. சாக்கைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். எத்தனை மூட்டை என்பதற்கு நடைமுறையில் ஒரு கணக்கு உண்டு. மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்வது. 50க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 7; ஆக 8 மூட்டைகளைத் திறக்க வேண்டும். எந்த 8 என்பதை இறக்கும் ஆளோ வியாபாரியின் ஆளோ சொல்லக் கூடாது. லாரியின் அடித்தட்டில் இருந்தவை, தார்ப்பாய் ஓரத்தில் இருந்தவை, நடுவில் இருந்தவை என்று நாமே கைகாட்ட வேண்டும்.

எட்டு மூட்டைகளிலும் ஈரம் பார்க்கிறோம். ஆறில் 9.5 சதவீதம் என்று வருகிறது. ஒன்றில் 14, இன்னொன்றில் 15. எட்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் 10.75. விதி 11, லோடு பாஸ்! எட்டு மூட்டை மாதிரியையும் ஒரே பையில் கலந்து ஒரு தடவை மட்டும் அளந்திருந்தால் இந்தச் சராசரிதான் கையில் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் திறந்ததில் கால்வாசி மூட்டைகள் பூஞ்சை பிடிக்கும் ஈரத்தில் இருக்கின்றன. பல இடத்துச் சரக்கு இந்த லாரியில் கலந்திருக்கிறது என்பதே அந்த இரண்டு எண்களின் பொருள். ஈரத்தை மூட்டை மூட்டையாகத்தான் அளக்க வேண்டும். ஒரு மூட்டை 12ஐத் தாண்டினாலும் மிச்சம் 42ஐயும் திறந்து பார்ப்பது, அந்தக் கூலி வியாபாரியைச் சேரும், தாண்டிய மூட்டைகள் திரும்பிப் போகும் என்பதை ஆர்டர் போடும்போதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது பேசினால், டிரைவர் அவசரமும் வியாபாரியின் போனும் சேர்ந்து மூட்டைகளை உள்ளே தள்ளிவிடும்.

திறந்த ஒவ்வொரு மூட்டையிலும் இருபது முப்பது வற்றலையாவது நீளவாக்கில் கிழித்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், பொறுமை போதும். வெளியே சிவப்பாகத் தெரியும் வற்றலின் உள்ளே, காம்புக்குக் கீழே விதை ஒட்டியிருக்கும் இடத்தில், சாம்பலோ கருப்போ பச்சையோ பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. பழுத்த காயைச் சரியாகக் காயவைக்காமல் குவித்தால் வருவது அது. பூஞ்சை தெரிவதாலேயே அஃப்லாடாக்சின் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தெரியாததால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட வற்றல் அதிகம் தட்டுப்படும் மூட்டையை ஆய்வகம் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது.

ஆய்வகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மசாலாப் பொருள்களில் மொத்த அஃப்லாடாக்சினுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். ஒரு டன்னுக்கு 30 மில்லிகிராம். ஒன்றிரண்டு அரிசி மணியின் எடை. மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு இதில் மூன்றில் ஒரு பங்கு, 10 மைக்ரோகிராம். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நஞ்சு என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. சிக்கல் என்னவென்றால், இந்த நஞ்சு சரக்கு முழுவதும் ஒரேமாதிரி பரவி இருப்பதில்லை. சில வற்றல்களில் கொட்டிக் கிடக்கும். மற்றவற்றில் துளியும் இருக்காது.

அந்த 50 மூட்டையில் 49 சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மூட்டை கெட்டது. அதில் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். 50 மூட்டையையும் கலந்தால் சராசரி 20. வரம்புக்குள் இருப்பதால் எல்லாம் சரி என்ற சான்றிதழ் வந்துவிடும். ஆனால் நம் யூனிட் 50 மூட்டையையும் ஒன்றாக அரைக்கப்போவதில்லை. நாளைக்கு ஆறு மூட்டை சொச்சம், 250 கிலோதான் அரைக்கிறது. அந்தக் கெட்ட மூட்டை விழுந்த நாளில் அரைத்த தூளில் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 160 மைக்ரோகிராம் வருகிறது. வரம்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் எடுக்கும் பாக்கெட் அந்த நாளுடையதாக இருந்தால், நம் கையில் இருக்கும் லோடு சான்றிதழ் காப்பாற்றாது. அந்தப் பாக்கெட்டை வாங்கிச் சமைத்த வீட்டுக்கும் அந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை.

மில்லுக்கு முன்னால் இதற்கு இருக்கும் ஒரே மருந்து, பொறுக்குவது. நல்ல வெளிச்சத்தில் மேசை போட்டு, வற்றலைப் பரப்பி, பெண்கள் உட்கார்ந்து சண்டு வத்தல், கருத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று கையால் எடுத்துப் போடும் வேலை. நிறம் வெளுத்த சண்டும் உடைந்த வற்றலும்தான் பெரும்பாலும் பூஞ்சை தங்கும் இடங்கள் என்பதால், அவற்றை நீக்கினாலே நஞ்சு கணிசமாகக் குறைகிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இந்த வேலை பெரும்பாலும் 'உதவியாளர் 2' என்ற கணக்கில் அடங்கிப்போகிறது. ஓர் ஆள் ஒரு நாளில் உண்மையிலேயே எத்தனை கிலோ பொறுக்க முடியும் என்று ஒரு மூட்டையைக் கொட்டி அளந்து பார்த்துவிட்டு எழுதினால், ஆள் எண்ணிக்கையும் கூலியும் மாறும். எனக்குக் கேட்டால், மொத்த ரிப்போர்ட்டிலும் முதலில் திருத்த வேண்டிய எண் இதுதான். பொறுக்கி எடுத்த கழிவை விற்று வரும் பணத்தை வருமானமாகக் காட்டும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. பூஞ்சை பிடித்ததை யாரோ வாங்குகிறார் என்றால், அதுவும் ஒருநாள் தூளாகி எங்கோ ஒரு சமையலறைக்குத்தான் போகும். அதை எரித்துவிட வேண்டும். வருமானப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது.

ஆய்வக முடிவு வர ஒரு வாரம் ஆகிறது என்று கொள்வோம். அதுவரை அந்த 2 டன்னைத் தொடக் கூடாது. அரைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அப்படியானால் ஒரு லோடு அரைபட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு லோடு சும்மா நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 1,750 கிலோ, கிலோ 200 ரூபாய் என்றால் மூன்றரை லட்சம் ரூபாய் முடங்கி நிற்கிறது. கிடங்கிலும் இரண்டு லோடுக்கு இடம் வேண்டும். நடுவே கயிறோ கம்பி வலையோ கட்டி, 'முடிவு வரவில்லை' என்ற அட்டை தொங்க வேண்டும். நடைமுறை மூலதனக் கணக்கில் இந்த மூன்றரை லட்சம் இல்லை என்றால், தரக்கட்டுப்பாடு முறையாகக் கடைப்பிடிக்கப்படும் என்ற வரி பொய்யாகிவிடும். ஆர்டர் நெருக்கும் முதல் மாதத்திலேயே கயிறு அவிழ்ந்துவிடும். வங்கி மேலாளரிடம் இந்த எண்ணைக் காட்டிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வரும் மூட்டைகளை அரை மணி நேரத்துக்குள் வடிகட்ட உதவும் அஃப்லாடாக்சின் சோதனைப் பட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் மிளகாயின் அடர்ந்த நிறம் சில வகைப் பட்டைகளைக் குழப்பும். மிளகாய்க்கென்று சரிபார்த்த பட்டைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆய்வகத்துக்கு அது மாற்று ஆகாது.

சாயத்தின் கதை வேறு. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் பல நூறு உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. மூலகாரணம், ஒரு வூஸ்டர் சாஸில் சேர்த்த மிளகாய்த்தூளில் சூடான்-1 என்ற சாயம் இருந்தது. அந்தத் தூள் இந்தியாவிலிருந்து போனது. சாஸ் இன்னும் எத்தனையோ சூப்புகளிலும் தயார் உணவுகளிலும் கலந்திருந்ததால் ஒரு சரக்கின் கோளாறு அத்தனை பொருள்களுக்கும் பரவிவிட்டது. சூடான்-1 காலணிப் பாலிஷுக்கும் கரைப்பான்களுக்கும் நிறமேற்றுவது. உணவில் எங்கும் அனுமதி கிடையாது.

தண்ணீர் கிளாஸில் தூளைப் போட்டு, நிறம் கோடு கோடாக இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் நம்புகிறார்கள். நீரில் கரையும் சாயத்தை அது காட்டிக்கொடுக்கும். சூடான் எண்ணெயில் கரைவது. தண்ணீரில் இறங்கவே இறங்காது. மிளகாயின் சொந்த நிறமும் எண்ணெயில் கரைவதுதான் என்பதால் எண்ணெயில் போட்டும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆய்வகத்தால்தான் முடியும். ஆகவே இதற்கு நல்ல பாதுகாப்பு, சோதனையைவிட ஒரு கொள்முதல் முடிவு: ஆர்டர் எவ்வளவு நெருக்கினாலும் அரைத்த தூளை வெளியில் வாங்கிக் கலப்பதில்லை, முழு வற்றல் மட்டுமே வாங்குவது. இதை ரிப்போர்ட்டில் எழுதிவைக்க வேண்டும். முழு வற்றலிலும் எண்ணெயும் நிறமும் பூசுபவர்கள் உண்டு. திரவப் பாரஃபின் தோய்த்த பஞ்சால் உடையாத வற்றலின் தோலைத் தேய்த்தால் பஞ்சு சிவக்கிறதா என்று பார்ப்பது வாசலிலேயே செய்யக்கூடியது. விரல் வழுவழுப்பதும் ஒரு அறிகுறி.

விற்பவரைச் சரிபார்ப்பது என்றால் லைசென்ஸ் நகல் வாங்கிக் கோப்பில் வைப்பது என்று நின்றுவிடுகிறது. வியாபாரியின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு, அது உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில், எந்த முகவரிக்கு என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பில்லும் வாங்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் விற்றவர் தரும் உத்தரவாதமாக அந்த பில் நிற்கும். துண்டுச் சீட்டில் வாங்கியவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் நேரடியாக விவசாயியிடம் வாங்கினால் இந்தக் காகிதம் எதுவும் இருக்காது. விவசாயிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களிடம் லைசென்ஸ் கேட்கவும் முடியாது. அங்கே சரக்கையும் களத்தையும் பார்ப்பது ஒன்றே வழி.

ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு ஒன்று வேண்டும். தேதி, மூட்டை எண்ணிக்கை, ஒவ்வொரு மூட்டையின் ஈரம், கிழித்த வற்றலில் எத்தனை கெட்டது, பொறுக்கியதில் கழிவு எத்தனை கிலோ, ஆய்வக முடிவு. ஐந்தாறு லோடு ஆனதும் அந்தப் பக்கமே பேசும். விலை கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்துத் தருபவரின் சரக்கில் கழிவு 6 சதவீதம், மற்றவர் சரக்கில் 2 சதவீதம் என்றால், 200 ரூபாய் வற்றலில் அந்த 4 சதவீத வித்தியாசமே 8 ரூபாய்; யார் மலிவு என்பது தெரிந்துவிடும். அரைத்த தூளின் பாக்கெட் எண்ணிலிருந்து இந்த நோட்டின் வரிக்குத் திரும்பி வர முடிய வேண்டும். அதற்காக அன்றன்று எந்த லோடிலிருந்து எந்த மூட்டைகள் மில்லில் விழுந்தன என்பதையும் எழுத வேண்டும். புகார் வந்தால் ஒரு நாள் தூளைத் திரும்பப் பெறுவதா, ஒரு மாதத் தூளையா என்பது அந்த எழுத்தைப் பொறுத்தது. ஒரே வியாபாரியை நம்பிய யூனிட்டால் எந்த மூட்டையையும் திருப்பி அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோட்டில் தேறிய இரண்டாவது பெயர் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

முண்டு மிளகாய்க்குப் பேர்போன ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வாங்குபவர்கள் பிப்ரவரியில் அறுப்பு தொடங்கியதும் களத்துக்கே போய்விடுவது நல்லது. பகலில் போனால் எல்லாக் களமும் ஒரேமாதிரி சிவப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் போக வேண்டும். பனி இறங்குவதற்குள் காயைக் கூட்டித் தார்ப்பாயால் மூடுகிறார்களா, அப்படியே வெறும் மண்ணில் விட்டுவிடுகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். மண்ணில் காய்ந்த வற்றலை எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்தால் கரையாமல் மணல் நிற்கும். விதி அதற்கு 1.3 சதவீதம்தான் அனுமதிக்கிறது. மில் வாசலில் இதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினால் விவசாயிக்கும் நஷ்டம், நமக்கும் ஒரு நாள் வேலை போச்சு. அறுப்புக்கு முன்பே ஆளுக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவை ஆய்வகக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, தரக்கட்டுப்பாடு என்ற தலைப்பின் கீழ், ரிப்போர்ட்டில் எழுதலாம்.